ஏக்கர் கணக்கை மாடித் தோட்டப் பைக்கு மாற்ற

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உரக்கடையில் கேட்டால், "ஏக்கருக்கு ஒரு அந்தர் யூரியா" என்று வயல் கணக்கில்தான் சொல்வார்கள். மாடியில் நாலைந்து பைகளில் மிளகாய் வைத்திருப்பவருக்கு அதை மாற்றுவது சுலபம். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 4047 சதுர மீற்றர். அதனால் ஏக்கருக்குச் சொன்ன கிலோவை நாலால் வகுத்தால், சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பது வந்துவிடும். ஒரு அந்தரை 50 கிலோ என்று வைத்தால் பன்னிரண்டரை கிராம்.

துண்டுப்பிரசுரத்தில் ஹெக்டேயர் என்று இருந்தால் பத்தால் வகுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நாலால் வகுத்தால் இரண்டரை மடங்கு உரம் விழும்.

சரி, பைக்கு எவ்வளவு? மாடியின் பரப்பை எடுக்காதீர்கள், பையில் மண் தெரியும் வாயை மட்டும் அளக்க வேண்டும். வாய் 30 சென்ரிமீற்றர் அகலமான வட்டப் பை என்றால் பரப்பு 0.07 சதுர மீற்றர். அதை 12.5 ஆல் பெருக்கினால் ஒரு கிராமும் இல்லை! தலைதட்டிய ஒரு தேக்கரண்டி யூரியா கிட்டத்தட்ட 4 கிராம் இருக்கும், அது நாலு பைக்குப் போதும். நாலு பைக்கும் வேண்டிய தண்ணீரில் கரைத்து, ஈர மண்ணில் சமமாக ஊற்றுவதே நல்லது.

சோளகம் வீசும் நாட்களில் பை சீக்கிரம் காய்ந்து உப்பு செறியும். இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் உரத்தை நிறுத்திவிட்டு, அடியால் வடியும்வரை வெறும் தண்ணீர் விடுங்கள்.