இலைக்கு எத்தனை கரண்டி? 100 பேர் விருந்துக்கு ஒரு கணக்கு

பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் புதுமனை புகுவிழா, 100 பேருக்கு இலைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். தொட்டுக்கொள்ள எவ்வளவு செய்வது என்று கிலோவில் யோசித்தால் குழப்பம்தான். கரண்டியில் யோசியுங்கள்.

முதலில், பரிமாறப்போகும் கரண்டியையே எடுத்து அளந்துவிடுங்கள். வீட்டில் செய்த பொரியலைத் தலைதட்டிப் 10 கரண்டி எடுத்து எடை போட்டால் 500 கிராம் வருகிறது என்றால், ஒரு கரண்டி 50 கிராம். விருந்தன்று வேறு கரண்டியை யாராவது போட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் போச்சு. அதனால் அந்தக் கரண்டியை அந்தந்த வாளியிலேயே போட்டு வையுங்கள்.

அடுத்து, ஓர் இலைக்கு எவ்வளவு? பொரியல், கூட்டு, உருளை வறுவல் ஒவ்வொன்றும் 1 கரண்டி. பச்சடி அரைக் கரண்டி போதும். கிருஷ்ணகிரி மாங்காய் வரும் சமயத்தில் வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடியைத் தாராளமாக வைக்க ஆசையாக இருக்கும். ஆனால் தித்திப்பு என்பதால் பலர் இலையிலேயே விட்டுவிடுவார்கள். ஊறுகாய்க்குச் சின்ன ஸ்பூன். வடை, அப்பளமெல்லாம் எண்ணிக்கைதான்.

இனி மறுமுறை கேட்பவர்கள். பீன்ஸ் பொரியலையே பார்ப்போம். 100 பேருக்கு 100 கரண்டி. அதில் 40 பேர் அரைக் கரண்டி கூடக் கேட்பார்கள் என்று கொண்டால் இன்னும் 20. ஆக 120 கரண்டி, அதாவது வெந்த பொரியல் 6 கிலோ. உருளை வறுவலுக்கு இந்த 20 பத்தாது, 50 வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கூட அதைத்தான் கேட்பார்கள்!

வெந்த எடையும் சந்தையில் வாங்கும் எடையும் ஒன்றல்ல. பீன்ஸில் காம்பு, நார் கழியும். தேங்காய்த் துருவல் கொஞ்சம் ஈடுகட்டும். முட்டைகோஸ் வதங்கினால் நன்றாகச் சுருங்கும். எனவே முந்தைய வாரமே அரைக் கிலோ காயைச் சமைத்து எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணிவிடுங்கள். பீன்ஸ் 8 கரண்டி வந்தால், 120 கரண்டிக்கு ஏழரைக் கிலோ வாங்க வேண்டும்.

கடைசியாக, 50 பேராக இரண்டு பந்தி என்றால் பொரியலையும் முதலிலேயே இரண்டு பாத்திரமாகப் பிரித்து வையுங்கள். முதல் பந்தி இலை எடுக்கும் முன்பே முதல் பாத்திரம் காலியானால், பரிமாறுபவர் கும்பாகப் போட்டிருக்கலாம். இலைகளை எட்டிப் பாருங்கள். பொரியல் மீந்து கிடந்தால் அடுத்த பந்திக்குத் தலைதட்டிப் போடச் சொன்னாலே சரியாகிவிடும். இலை சுத்தமாக இருந்தால் காய் நிஜமாகவே போதவில்லை. அடுத்த பந்தி உட்காருவதற்குள் இன்னொரு அடுப்பைப் பற்ற வையுங்கள்.