மகாயானத்தைத் தனி மரக்கிளையாக வரையாதீர்கள்

பௌத்த வரலாறு படிக்கும் முதுகலை மாணவர்களின் கட்டுரைக் கட்டு வந்ததும் நான் முதலில் தேடுவது படத்தைத்தான். பெரும்பாலும் ஒரு மரம் இருக்கும். வேரில் புத்தர், அடிமரம் தேரவாதம். குஷாண அரசர் கனிஷ்கர் காலத்து நான்காம் பௌத்த மாநாட்டுக்கு நேராக மரம் கவட்டையாகப் பிரியும்: இடப்பக்கம் ஈனயானம், வலப்பக்கம் மகாயானம். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே மரத்தை வண்ணப் பென்சிலால் வரைந்தவன் என்பதால்தான் இவ்வளவு எரிச்சல். பெயரை மாற்றி எழுதுவது, நூற்றாண்டைத் தவறவிடுவது போன்றவை தாமாகச் சரியாகிவிடும். இந்த மரம் மட்டும் அப்படிச் சரியாவதில்லை.

மகாயானத்தை ஒரு பிரிவாக எண்ணுவது

என் ஆய்வேட்டுக்காகக் குஷாணர் காலக் கல்வெட்டுகளை அட்டைகளில் எழுதி இரண்டு செருப்புப் பெட்டிகளில் பிரித்து வைத்திருந்தேன். ‘போதிசத்துவர்’ என்ற சொல் வந்தால் மகாயானப் பெட்டி, வராவிட்டால் மற்றது. ஏழு மாத வேலை. என் நெறியாளர் மகாயானப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவினார்.

“இது ஏன் இங்கே இருக்கு?”

“போதிசத்துவர் சிலைன்னு கல்லிலேயே இருக்கே சார்.”

“கடைசி வரியையும் படிங்க.”

அது சிராவஸ்தியில் கிடைத்த சிலையின் கல்வெட்டு. பௌத்த மறைநூல் தொகுப்புகளான மூன்று பிடகங்களும் கற்ற ‘பல’ என்னும் பெயருடைய பிக்கு, பகவராகிய புத்தர் உலாவிய இடத்தில் ஒரு போதிசத்துவர் சிலையையும் குடையையும் தண்டையும் நிறுவினார் என்கிறது. முடியும் இடத்தில், இந்தக் கொடை சர்வாஸ்திவாத ஆசாரியர்களின் உடைமை என்று தெளிவாக வெட்டியிருக்கிறார்கள். சர்வாஸ்திவாதம் பழைய பிரிவுகளில் ஒன்று. நான் ‘போதிசத்துவர்’ என்று படித்ததும் மகாயானிகள் வணங்கும் அவலோகிதரை நினைத்துக்கொண்டேன். கல்லில் இருந்தவரோ சாக்கியமுனி. ஞானம் பெறுவதற்கு முந்தைய நிலையில் அவரைப் போதிசத்துவர் என்று அழைப்பது ஜாதகக் கதைகளைப் போற்றிய எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான வழக்கம். இதே பிக்கு கனிஷ்கரின் மூன்றாம் ஆட்சியாண்டில் சாரநாத்திலும் இப்படி ஒரு சிலை வைத்தார். பெட்டியைக் கவிழ்த்து மறுபடி தொடங்கினேன்.

பிழையின் வேர் எங்கே என்பது பிறகுதான் புரிந்தது. பௌத்தத்தில் பிரிவு, அதாவது நிகாயம், கொள்கையால் ஆவதில்லை. விநயம் என்னும் துறவு ஒழுக்க விதித் தொகுப்புகளில் எதன்படி ஒருவர் துறவு பெற்றார், யாரோடு சேர்ந்து பௌர்ணமி அமாவாசைகளில் பாதிமோக்கம் என்ற விதிப்பட்டியலை ஓதுகிறார் என்பதுதான் கணக்கு. சங்கபேதம் என்றால் ஒரே எல்லைக்குள் இரு கூட்டம் இந்தச் சடங்குகளைத் தனித்தனியே செய்வது. கருத்து வேறுபாட்டுக்கு அந்தப் பெயர் கிடையாது. சர்வாஸ்திவாதிகளுக்கும் மகாசாங்கிகருக்கும் தர்மகுப்தகருக்கும் தனித்தனி விநயம் உண்டு. இந்தியாவில் ‘மகாயான விநயம்’ என்று, அதன்படி ஒருவர் பிக்கு ஆகும் ஒன்று இருந்ததே இல்லை. மகாயானி ஆக விரும்பியவர் முதலில் ஏதாவதொரு பழைய பிரிவில் துறவு பெற வேண்டும். அரகந்தராகித் தான் மட்டும் விடுதலை அடைவது போதாது, பல பிறவிகள் ஆனாலும் முழுப் புத்தராகவே ஆவேன் என்று அவர் உறுதி பூணுவது அதற்கு மேல் எடுக்கும் தனி விரதம்.

சீன யாத்திரிகர்களைப் படித்தால் இது பளிச்சென்று தெரியும். ஃபாசியான் பாடலிபுத்திரத்தில் ஒரு மகாயான விகாரையில் விநயப் பிரதி எடுத்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது மகாசாங்கிக விநயம். 671இல் கடல்வழி கிளம்பிய யிஜிங் இன்னும் நேராகச் சொல்கிறார்: இரு சாராரும் ஒரே விநயத்தைப் பின்பற்றுகிறார்கள். போதிசத்துவர்களை வணங்கி மகாயான சூத்திரங்களை ஓதுபவர் மகாயானி, ஓதாதவர் மற்றவர். அவ்வளவுதான் வித்தியாசம். இலங்கையின் அபயகிரி விகாரையினர் தேர மரபில் துறவு பெற்றவர்கள், ஆனால் இரண்டையும் பயின்றார்கள் என்று சுவான்சாங் எழுதுகிறார். என் மரத்தில் அவர்களை எந்தக் கிளையில் உட்கார வைப்பது?

அந்த நான்காம் மாநாட்டுக் கதையும் சுவான்சாங் வழி வந்ததுதான். வசுமித்திரர் தலைமையில் 500 பேர் காஷ்மீரத்தில் கூடிப் பிடகங்களுக்கு உரை எழுதினார்கள் என்கிறார். அது சர்வாஸ்திவாத மரபின் பெருமைக் கதை. பௌத்தம் அங்கே இரண்டாகப் பிரிந்தது என்று அவர் சொல்லவில்லை. போட்டித் தேர்வுக் குறிப்புகளில் அந்த வரி எப்படி ஒட்டிக்கொண்டதோ! தேர்வில் வேண்டுமானால் எழுதிவிட்டு வாருங்கள், ஆய்வுக் கட்டுரையில் வேண்டாம்.

அப்படியானால் ஒரு கல்வெட்டை மகாயானம் என்று எப்போது சொல்லலாம்? மதுராவின் கோவிந்தநகரில் 1977இல் ஒரு சிலைப் பீடம் கிடைத்தது. மேலே பாதங்கள் மட்டும் மிச்சம். ஹுவிஷ்கரின் 26ஆம் ஆண்டு, ஏறத்தாழ கி.பி. 153. அதில் அமிதாப புத்தர் என்ற பெயரே இருக்கிறது. இந்தப் புண்ணியத்தால் எல்லா உயிர்களும் ஒப்பற்ற புத்த ஞானம் அடையட்டும் என்ற வேண்டுதலும் இருக்கிறது. பழைய பிரிவுகளின் வழிபாட்டில் இடமில்லாத ஒரு புத்தர், எல்லோருக்கும் புத்தநிலை என்ற இலக்கு: இந்த இரண்டும் சேர்ந்துதான் சான்று ஆகின்றன. அப்போதும் ‘மகாயானம்’ என்ற சொல் அதில் இல்லை. ஒரு சங்கத்தையே அந்தப் பெயரால் குறிக்கும் கல்வெட்டுச் சான்று வெகுகாலம் கழித்துத்தான் வருகிறது. 507ஆம் ஆண்டு வைனியகுப்தரின் குணைகர் செப்பேடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சூத்திரங்களில் அவ்வளவு சத்தம், கல்லில் மூன்று நான்கு நூற்றாண்டு மௌனம். பௌத்தக் கல்வெட்டு ஆய்வாளர் கிரெகரி ஷோப்பன் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டிய பிறகு, இந்தியாவில் மகாயானம் தொடக்கத்திலேயே பெரிய இயக்கம் என்று எழுதக் கை கூசுகிறது.

‘ஈனயானம்’ என்று எழுதுவது

அது மகாயானிகள் மற்றவர்களுக்கு வைத்த வசைப்பெயர். ‘பழைய பிரிவுகள்’ போதும்.

மொழிபெயர்ப்பு ஆண்டைப் பிறந்த ஆண்டாக்குவது

லோகக்ஷேமர் என்ற பிக்கு 179இல் சீனத் தலைநகர் லுவோயாங்கில் எண்ணாயிரம் அடிப் பிரஜ்ஞாபாரமிதை என்ற மகாயான சூத்திரத்தைச் சீனத்தில் பெயர்த்தார். அந்த ஆண்டுக்கு முன் நூல் இருந்தது என்பதற்கு மட்டுமே இது சான்று. எவ்வளவு முன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அதே நூலின் காந்தாரிப் பிராகிருதப் பூர்ஜமரப் பட்டைச் சுவடித் துண்டுகள் கரிமக் கணிப்பில் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் விழுகின்றன.

மகாயானத்தை நாகார்ஜுனர் நிறுவினார் என்பது

இல்லை. அவர் மகாயானத் தத்துவ ஆசிரியர். அவர் பிறக்குமுன்பே மகாயான சூத்திரங்கள் உண்டு.

இல்லறத்தார் கிளர்ச்சி என்பது

தூபியைச் சுற்றிக் கூடிய இல்லறத்தார்தான் மகாயானத்தைத் தொடங்கினார்கள் என்பது ஜப்பானிய அறிஞர் ஹிராகவா அகிராவின் கருதுகோள். கேட்க இனிமையாக இருக்கும், நானும் நம்பினேன். ஆனால் இரண்டாம் நூற்றாண்டிலேயே சீனம் சென்ற உக்ரபரிபிருச்சா சூத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். உக்ரன் என்ற இல்லறத்தான் கேள்வி கேட்கிறான். கிடைக்கும் பதில், வீட்டில் இருக்கும்வரை மனைவி மக்கள் மீது பற்றை அறு, முடிந்தால் துறவு கொள் என்பதே. துறவியான போதிசத்துவருக்கோ காட்டுக்குப் போய்த் தனித்திரு என்கிறது. அதே விகாரையில் அரகந்த நிலையை நாடும் பிக்குகளும் இருக்கிறார்கள். அவர்களை இகழாதே, அவர்களிடமும் கற்றுக்கொள் என்றும் சொல்கிறது. இதைக் கடினமான வழியைத் தேர்ந்த சில துறவிகளின் குரல் என்று இந்தச் சூத்திரத்தை ஆராய்ந்த ஜான் நாட்டியர் காட்டியிருக்கிறார். எல்லாத் தொடக்கக்கால சூத்திரமும் காட்டையே சொல்வதில்லை என்பதால் இதையும் ஒரே விடையாக்கிவிடக் கூடாது.

இப்போது மாணவர்களிடம் மரத்துக்குப் பதில் பஜௌர் சுவடிக்கட்டை வரையச் சொல்கிறேன். பாகிஸ்தானில் ஒரு விகாரை இடிபாட்டில் கிடைத்த பட்டைச் சுருள்கள். அக்ஷோப்பிய புத்தரின் உலகைச் சொல்லும் நீண்ட மகாயானச் சூத்திரம் ஒன்று, அதனோடு பாதிமோக்கத் துண்டுகள், பழைய ஆகமப் பகுதி ஒன்று, எல்லாம் ஒரே கட்டில் இருந்தன.