நெருக்கடி நிலைப் பாடத்துக்கு இரண்டு சுருக்கங்கள்: எதை எப்போது எழுதுவது?

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டைத் திறந்தால் அரசியலமைப்புப் பகுதியில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நெருக்கடி நிலை என்று தலைப்பு, அதன் கீழே தேசிய நெருக்கடி நிலைக்குப் பிரிவு 352, மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு 356, நிதி நெருக்கடி நிலைக்கு 360 என்று மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து வரிகள். சில வரிகளில் காரணம் இருக்கும், சிலவற்றில் வெறும் எண் இருக்கும். புரிந்துகொள்ளவும் மனப்பாடம் செய்யவும் அதே பக்கம்தான். எனக்குத் தெரிந்து இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவதற்கு முதல் காரணம் இந்தக் கலவை நோட்டுதான். படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், ஆனால் வினாத்தாளில் 1 மாதமா 2 மாதமா என்று கை நிற்கும்.

புரிந்துகொள்ள எழுதும் சுருக்கத்தை முதலில் பார்ப்போம். அதில் இருக்க வேண்டியது ஒரு கதையோட்டம். 1975 ஜூன் 25 அன்று இரவு, பிரதமரின் ஆலோசனையின் பேரில் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவித்தார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது ‘உள்நாட்டுக் குழப்பம்’. எந்தப் போராட்டத்தையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கிவிடலாம். 1976இல் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலை இருக்கும்போது சட்டவிரோதமாகச் சிறை வைக்கப்பட்டவர்கூட உயிர் வாழும் உரிமையைச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்சி மாறிய பிறகு, 1978இல் வந்த 44வது சட்டத்திருத்தம் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது.

இப்போது அந்தத் திருத்தத்தைப் பாருங்கள். பிரதமர் மட்டும் சொன்னால் போதும் என்ற நிலை போய், அமைச்சரவையின் எழுத்துப்பூர்வமான பரிந்துரை கட்டாயமானது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. நாடாளுமன்ற ஒப்புதலுக்கான 2 மாத அவகாசம் 1 மாதமானது, சாதாரணப் பெரும்பான்மை சிறப்புப் பெரும்பான்மையானது. ஒருமுறை ஒப்புதல் வாங்கிவிட்டு நீட்டிக்கொண்டே போக முடியாதபடி 6 மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒப்புதல் பெற வேண்டும் என்றானது. பிரிவு 20, 21 இரண்டையும் எந்த நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாது என்றானது. இப்படி எழுதினால் பாடம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் ‘அதனால்’ என்ற சொல்லைப் போட்டுப் பார்க்க முடியும். போட முடியாத வரி இருந்தால், அங்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

இந்தச் சுருக்கத்தில் பலர் செய்யும் தவறு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது. அப்போது கண் பார்ப்பதைக் கை எழுதும், நடுவில் யோசனை நுழையவே நுழையாது. பாடத்தை முழுதாகப் படித்து, மூடி வைத்துவிட்டு, தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். எண் மறந்தால் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகலாம். காரணம் மறந்தால் மட்டும் நிறுத்திப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நோட்டில் நேரடியாக இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆயுதக் கிளர்ச்சியைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தால், பிரிவு 19இன் பேச்சுரிமை தானாகவே நின்றுவிடுமா? நிற்காது. போர், வெளி ஆக்கிரமிப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும்தான் அது தானாக நிற்கும் என்று 44வது திருத்தம் பிரிவு 358ஐச் சுருக்கிவிட்டது. உள்நாட்டுக் காரணம் காட்டி அரசு உரிமைகளில் கை வைத்த அனுபவத்தை மனதில் வைத்துச் செய்த திருத்தம் இது என்று புரிந்தவர், 358ஐ வரிவரியாகப் படிக்காவிட்டாலும் விடையை ஊகித்துவிடுவார்.

மனப்பாடத்துக்கான சுருக்கம் இதற்கு நேர் எதிரானது. யோசித்தால் வராதவை மட்டும்தான் அதில் இருக்க வேண்டும். 356க்கு ஏன் 2 மாதம், ஏன் 3 மாதம் இல்லை என்று எவ்வளவு யோசித்தாலும் விடை கிடைக்காது. அது முடிவு செய்து எழுதப்பட்ட ஓர் எண், அவ்வளவுதான். மூன்று பிரிவுகளுக்கும் மூன்று வரி போதும்:

352: 1 மாதம், சிறப்பு, 6 மாதம், உச்ச வரம்பு இல்லை
356: 2 மாதம், சாதாரண, 6 மாதம், உச்சம் 3 ஆண்டு (1 ஆண்டுக்கு மேல் 2 நிபந்தனை)
360: 2 மாதம், சாதாரண, திரும்பப் பெறும் வரை

ஒப்புதலுக்கான அவகாசம், பெரும்பான்மை, ஒருமுறைக்கு எத்தனை காலம், அதிகபட்சம் என்று நான்கு விவரங்கள் ஒரே வரிசையில் வருகின்றன. தேர்வில் குழப்புவது பக்கத்து வரியின் எண்தான் என்பதால் மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்க வேண்டும். தனித்தனிப் பக்கங்களில் எழுதினால் ஒவ்வொன்றும் தெரிந்த மாதிரியே இருக்கும், குழப்பம் தேர்வு அறையில்தான் வெளியே வரும்.

356இன் அடைப்புக்குறியைக் கவனியுங்கள். மனப்பாடச் சுருக்கத்தில் காரணத்தை விட்டுவிடலாம், நிபந்தனையை விடக்கூடாது. ‘அதிகபட்சம் 3 ஆண்டு’ என்று மட்டும் எழுதி வைத்தவர், ஒரு சாதாரணச் சூழலில் குடியரசுத் தலைவர் ஆட்சியை 2 ஆண்டு நீட்டிக்கலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டுவிடுவார். 1 ஆண்டுக்கு மேல் போக வேண்டுமானால் நாட்டிலோ அந்த மாநிலத்திலோ தேசிய நெருக்கடி நிலை நடப்பில் இருக்க வேண்டும், தேர்தல் நடத்த முடியாது என்று தேர்தல் ஆணையமும் சான்று தர வேண்டும். இரண்டும் வேண்டும்.

இந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது வீண். வலது பக்கத்தை மறைத்துவிட்டு, 356 என்று பார்த்ததும் நான்கையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவறியதை மட்டும் மறுநாள், அப்புறம் ஒரு வாரம் கழித்து என்று மீண்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். புரிதலுக்கான அரைப் பக்கத்தை இப்படிச் செய்யத் தேவையில்லை. நன்றாக எழுதியிருந்தால் அதன் வேலை எழுதும்போதே முடிந்துவிட்டது. அதைத் தினமும் வாசித்து, திருப்புதல் செய்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். வாசிக்க வாசிக்க இதமாக இருக்கும், எண் மட்டும் ஏறாது.

வரிசையும் முக்கியம். பயிற்சி மையத்தின் அட்டவணையை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் 44வது திருத்தம் தொடர்பில்லாத ஏழெட்டுத் துணுக்குகளாகத் தலையில் உட்காரும். அத்தனையையும் சுமக்க வேண்டிவரும். 1975இன் கதை தெரிந்தால் அவற்றில் பாதிக்கு மேல் மனப்பாடப் பட்டியலிலிருந்தே கழன்றுவிடும். எழுத்துப்பூர்வப் பரிந்துரையையோ 20, 21 விலக்கையோ யாரும் உருப்போட வேண்டியதில்லை.

எல்லாப் பாடத்துக்கும் இரண்டும் வேண்டும் என்பதில்லை. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுக்கு மனப்பாட வரி மட்டும் போதும், சிந்தி 1967இல் 21வது திருத்தத்தில் சேர்ந்தது என்பதையெல்லாம் அதிலேயே குறித்துக்கொள்ளலாம். குரூப் 4க்கு எல்லாம் கொள்குறி வினாக்கள் என்பதால் மூன்று வரிக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். ஆனால் அரைப் பக்கத்தை ஒருமுறையாவது எழுதாமல் அதற்குப் போகாதீர்கள். குரூப் 2 முதன்மைத் தேர்வில் விரிவாக விடை எழுத வேண்டியிருப்பதால் அரைப் பக்கம்தான் விடையின் உடல். அதற்குத் தயாராகும்போது அதை மூடி வைத்துப் புதிதாக எழுதிப் பாருங்கள், 356க்கு உதாரணமாக 1991இல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டதையும் சேருங்கள். ஆளுநர் அறிக்கை அனுப்பாமலேயே அது நடந்தது, ஏனென்றால் அறிக்கை வந்தாலோ ‘வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் திருப்தியடைந்தால் போதும் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது.