அடைமழையில் துளசி அழுகாமல் காப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழையில் துளசி தலை தொங்கினால், தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றிவிடாதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால், பெரும்பாலும் வேர் அழுகத் தொடங்கியிருக்கும். வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் வேர் செத்து, அதில் பூஞ்சை ஏறும். செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் ஈரத்தில் நின்றும் செடி வாடுகிறது.

மழைக்கு முன்பே, புரட்டாசியில் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் ஓரிரு நிமிடத்தில் அடியில் வடிய வேண்டும். மேலேயே குளம் கட்டி நின்றால், அடித்துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். அப்படியும் வடியாவிட்டால் மண்ணை மாற்றுவதே வழி: செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் 1 பங்கு. தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் மழைக்காலத் தொட்டிக்கு நான் சேர்ப்பதில்லை.

அடுத்து, தொட்டிக்குக் கீழே உள்ள தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். செங்கல் துளையை மறைக்கக் கூடாது. சிமென்ட் துளசி மாடத்தில் துளை இல்லையென்றால், பக்கச் சுவரின் அடியில் ஒரு துளை போடச் சொல்லுங்கள்.

தண்டு அழுகல் பெரும்பாலும் மண்ணைத் தொடும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். அங்கே மண் பள்ளமாக இல்லாமல் சற்று மேடாக இருக்கட்டும். பூஜைப் பூக்களும் மாலையும் தண்டோடு ஒட்டிக் கிடந்து ஊறினால் அழுகல் தொற்றும், மறுநாளே எடுத்துவிடுங்கள். மழை விட்ட நாளில் பூக்கதிர்களையும் மண்ணில் படும் அடிக்கிளைகளையும் நறுக்கினால் உள்ளே காற்றோடும்.

தொடர்மழையில் செடியை வெளிச்சம் உள்ள தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். விரலை இரண்டு அங்குலம் நுழைத்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தினமும் ஊற்றும் வழக்கம் உள்ள வீட்டில் ஓர் உத்தரணி போதும். உரம் எதுவும் இப்போது வேண்டாம்.

ஏற்கெனவே வாடிவிட்டதா? பத்து அங்குலத் தொட்டிச் செடி என்றால் மண்ணோடு கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாக, வழுவழுப்பாக, நாற்றத்தோடு இருக்கும். அழுகியதைச் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிட்டு, மிச்ச வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் புது மண்ணில் நடுங்கள். மேல்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, புதுத்தளிர் வரும்வரை மழையும் கடும் வெயிலும் படாமல் வையுங்கள்.

அடித்தண்டு சுற்றிலும் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டால் அந்தச் செடி பிழைக்காது. நுனியில் பச்சையாக இருக்கும் பூக்காத கிளையை நாலு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரை ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றிவந்தால், இரண்டு வாரத்துக்குள் வேர் விடக்கூடும். விட்டதும் தொட்டியில் நடலாம்.