பாடத்திட்ட நிறைவு அட்டவணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடம், திட்டமிட்ட பாடவேளைகள், நடத்திய பாடவேளைகள், திருப்புதல் நிலை என நான்கு பத்திகளோடு ஆசிரியர்கள் பராமரிக்கும் அட்டவணையில் மிகுதியாக நேரும் தவறு, செலவான பாடவேளைகளையே முடிந்த பாடமாகக் கணக்கிடுவதுதான்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்றாவது பாடமான இயற்கணிதத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 24 பாடவேளைகள் திட்டமிட்டு, அக்டோபர் இறுதிக்குள் 18 நடத்தியிருந்தால், கணினித் தாளில் விழுக்காடாக வடிவமைத்த கட்டத்தில் பின்வரும் வாய்பாடு 75 விழுக்காடு என்று காட்டும்.

```
=C4/B4
```

ஆனால் அந்த 18 பாடவேளைகளில் மூன்று மாறிகளில் நேரியல் சமன்பாடுகள் தொடங்கிப் பல்லுறுப்புக் கோவைகளின் வர்க்கமூலம் வரைதான் முடிந்திருக்கிறது என்றால், இருபடிச் சமன்பாடுகள், அவற்றின் வரைபடங்கள், அணிகள் ஆகிய மூன்றும் அப்படியே மீதியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 4 பாடவேளைகள் என்று கொண்டாலும் இன்னும் 12 தேவை. அட்டவணையோ 6 போதும் என்கிறது. ஆகவே, ‘இன்னும் தேவைப்படுபவை’ என்றொரு பத்தியைச் சேர்த்து, அதை வாய்பாட்டிடம் விடாமல், மீதியுள்ள உட்தலைப்புகளை எண்ணி வாரந்தோறும் கையால் நிரப்ப வேண்டும்.

பற்றாக்குறை தெரிந்ததும் 24 என்பதை அழித்து 30 என்று திருத்துவது அடுத்த தவறு. அப்படித் திருத்திவிட்டால், இந்தப் பாடத்துக்கு நாம் குறைவாக ஒதுக்கினோம் என்ற செய்தி, வரும் ஆண்டுத் திட்டத்தை எழுத உட்காரும்போது நம் கையில் இராது. முதலில் எழுதிய எண் அப்படியே இருக்கட்டும். கூடுதலான 6 பாடவேளைகள் எந்தப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதை மட்டும் பக்கத்தில் குறித்தால் போதும்.

திருநெல்வேலிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் கொள்ளாத திட்டம் நிலைப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் வகுப்புகள் நின்றதை இங்குள்ள எந்த ஆசிரியரும் மறந்திருக்க முடியாது. அவ்வளவு பெரிய வெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும், காலையில் அறிவிக்கப்படும் மழை விடுமுறை ஓரிரு பாடவேளைகளை விழுங்கிவிடும். கால அட்டவணையைப் பார்த்து மாத இறுதியில் மொத்தமாக நிரப்புகிறவர்கள் அந்த நாள்களையும் ‘நடத்தியவை’ பத்தியில் சேர்த்துவிடுகிறார்கள். வகுப்பு முடிந்த அன்றே எழுதுவதும், நடக்காத பாடவேளையைக் காரணத்தோடு தனியே குறிப்பதும்தான் இதற்கு வழி. நவம்பர், டிசம்பர் மாதங்களுக்குத் திட்டமிடும்போதே வாரத்துக்கு ஒரு பாடவேளையை ஒதுக்காமல் விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து.

திருப்புதல் நிலையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதுவதால் பயன் மிகக் குறைவு. ‘முதல் திருப்புதல், ஜனவரி 9, அணிப் பெருக்கலில் பாதிப் பேர் நிரையையும் நிரலையும் மாற்றிவிட்டார்கள்’ என்று எழுதப்பட்டிருந்தால், இரண்டாம் திருப்புதலில் பாடம் முழுவதையும் மீண்டும் நடத்தாமல், அந்தக் கணக்குகளையே நேராக எடுத்துக்கொள்ளலாம்.