கேன் சப்ளைக்கு லோடு ஆட்டோவா, குட்டி யானையா: வண்டி எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பிளான்டில் ஒரு தம்பி புது லோடு ஆட்டோவில் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டிருந்தார். கேட்டால், "அண்ணே, மைலேஜ் நல்லா கொடுக்குது, அதான் இதை எடுத்தேன்" என்றார். ஆறு வருடங்களுக்கு முன் நானும் இதையே சொல்லித்தான் வண்டி எடுத்தேன், அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்று எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கட்டு, டயருக்குக் காற்று பார் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

மைலேஜை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள், இன்றைக்கும் யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

முதலில் ஆர்சி புத்தகத்தை எடுங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய எடை. ஆனால் வெற்று எடையில் ஓட்டுநரும் உதவியாளும் சேர மாட்டார்கள், அவர்களும் அந்தப் பாரத்துக்குள்தான் வருவார்கள். என் லோடு ஆட்டோவில் கழித்து வந்தது 540 கிலோ. நானும் கூட வரும் பையனும் 120 கிலோ போக, மிச்சம் 420. நிறைந்த ஒரு கேனை 21 கிலோ என்று வைத்தால் 20 கேன்கள், அவ்வளவுதான். குட்டி யானையில் கழித்து 750 வந்தால், ஆள் போக 630 கிலோ, அதாவது 30 கேன்கள்.

எனக்கு அப்போது ஒரு நாளைக்கு 60 கேன் ஆர்டர். வண்டலூர்ப் பக்கம் பிளான்ட், சப்ளை பெருங்களத்தூர், முடிச்சூர். தெருச் சுற்றையும் சேர்த்து ஒரு நடைக்கு 16 கிலோமீட்டர். ஆட்டோவில் மூன்று நடை, 48 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 25 கொடுத்தால் டீசல் கிட்டத்தட்ட 1.9 லிட்டர். டீசல் குட்டி யானையில் இரண்டு நடை, 32 கிலோமீட்டர்; 16 கொடுத்தால் 2 லிட்டர். மைலேஜில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் நாள் முடிவில் டீசல் செலவு ஒன்றுதான், மூன்றாவது நடைக்குப் போகும் இரண்டு மணி நேரம்தான் மிச்சம் தெரியும்.

அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் இரண்டு அடுக்கு வைத்தேன். 40 கேன், 840 கிலோ, ஆளையும் சேர்த்தால் 960. மூன்று சக்கர வண்டியில் பாரம் பின்பக்கம் போகப் போக முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில் கைக்குக் கனமில்லாமல் மிதப்பதுபோல் வரும், அப்படி வந்தால் வண்டி உங்களை எச்சரிக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது புரியவில்லை. ஒரு மழை நாளில் மேம்பாலச் சரிவில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டே எழும்பியது, பையன் குதித்துவிட்டான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வருடத்துக்குள் கிளட்ச் பிளேட் இரண்டு முறை போனது, பின் டயர்கள் நேரத்துக்கு முன்பே தேய்ந்தன. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாயிலிருந்துதான் தொடங்குகிறது, கூடுதல் டன்னுக்கு 2,000 தனி.

அதற்காக எல்லோரும் குட்டி யானை எடுங்கள் என்று சொல்லவில்லை. தினம் 40 கேன் என்றால் இரண்டு வண்டிக்கும் இரண்டு நடைதான், அப்போது டீசலிலும் தவணையிலும் ஆட்டோவே லாபம். பிளான்ட் பக்கத்திலேயே இருந்தாலும் கூடுதல் நடை பெரிதாக வலிக்காது. தூரம் கூடக் கூடத்தான் அது கையைக் கடிக்கும். உங்கள் ஒரு மாத ஆர்டரை நோட்டில் எழுதி, எத்தனை நடை வருகிறது என்று பார்த்த பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

சந்துக்கு ஆட்டோதான் போகும் என்று நினைப்பது

அகலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். வித்தியாசம் நீளத்திலும் வளைவிலும்தான். முட்டுச்சந்தில் ஆட்டோ திரும்பிவிடும், குட்டி யானை ரிவர்ஸில்தான் வரும். உங்கள் தெருக்களில் முட்டுச்சந்து எத்தனை என்று எண்ணுங்கள்.

கூண்டின் எடையை மறப்பது

இரும்புக் கூண்டு கட்டினால், காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். கூடிய ஒவ்வொரு 21 கிலோவுக்கும் ஒரு கேன் குறையும்.

பழைய வண்டியில் எஃப்சி தேதி பார்க்காதது

எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம். ஏழரை வயது வண்டியை மலிவு என்று எடுக்கும் முன் இதையும் கணக்கில் சேருங்கள்.