விடையை மாற்றிக்கொண்டே இருக்கும் சொல் விளையாட்டை மடக்குவது எப்படி?

அப்சர்டில் என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் விளையாட்டு, தொடக்கத்தில் எந்தச் சொல்லையும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் இடும் சொல்லின் ஓர் எழுத்து விடையில் அதே இடத்தில் இருந்தால் பச்சை, வேறிடத்தில் இருந்தால் மஞ்சள், விடையிலேயே இல்லாவிட்டால் சாம்பல் என்று நிறக்குறிப்பு காட்டும். நீங்கள் ஒரு சொல்லை இட்டதும், மிச்சமுள்ள சொற்களை அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய நிறக்குறிப்பின்படி குழுக்களாகப் பிரித்து, அவற்றுள் மிகப் பெரிய குழுவை மட்டும் வைத்துக்கொள்கிறது. முன்பு காட்டிய குறிப்புகளை அது ஒருபோதும் மீறுவதில்லை என்பதே நமக்கிருக்கும் பிடி. ஆகவே, விடையாக இருக்கக்கூடிய சொல்லைத் தேடுவதைவிட, மிஞ்சப்போகும் பெரிய குழுவைச் சிறிதாக்கும் சொல்லைத் தேட வேண்டும்.

FIGHT, LIGHT, MIGHT, NIGHT, RIGHT, SIGHT ஆகிய 6 சொற்கள் மிஞ்சியிருப்பதாகக் கொள்வோம். பலரும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். இவற்றை ஒவ்வொன்றாக இட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மட்டுமே கழிந்து, 6 முயற்சிகள் செலவாகிவிடும். அதற்குப் பதிலாக, விடையாக இருக்கவே முடியாத FILMS என்ற சொல்லை இடுங்கள். F, L, M, S ஆகிய நான்கு எழுத்துகளும் அதில் இருப்பதால், அந்த எழுத்துகளில் தொடங்கும் நான்கு சொற்களும் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்துவிட, NIGHT, RIGHT இரண்டும் மட்டும் ஒரே குழுவில் சேர்கின்றன. விளையாட்டு அந்தக் குழுவையே தேர்ந்தாக வேண்டும். பிறகு NIGHT என்று இட்டால் அது RIGHT பக்கம் நழுவும். அடுத்த முயற்சியில் நழுவ இடமில்லை. ஆக மொத்தம் 3 முயற்சிகளே போதும்.

I மட்டும் பச்சையாகி மற்ற நான்கும் சாம்பல் நிறத்தில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். நான்கு சொற்கள் ஒரே வீச்சில் கழிந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம்.